வங்கியின் ஸ்டொக் ஓடிற்: ஹாட்வெயார் கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்படு மூலதனக் கடன் எடுத்த கடைக்காரர் மாதம் முடிய வங்கிக்கு இருப்பு அறிக்கை கொடுப்பார். அதைச் சரிபார்க்க வங்கி அனுப்பும் கணக்காய்வாளர் மாதக் கடைசி நாளிலேயே வந்து நிற்பதில்லை. அடுத்த மாதம் 18ஆம் திகதி என்று வருவார், அன்று இருப்பதை எண்ணுவார், பிறகு பில்களை வைத்துக் கணக்கைப் பின்னோக்கிக் கொண்டுபோவார். முதல் பிழை பிடிபடுவது அங்கேதான்.

சுன்னாகத்தில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். மாத முடிவு அறிக்கையில் சீமெந்து 1,200 மூடை. 18ஆம் திகதி எண்ணியபோது 640. இடையில் விற்ற பில்கள் 900 மூடைக்கு, வந்து இறங்கியது 400. 640உடன் 900ஐக் கூட்டி 400ஐக் கழித்தால் 1,140. அறுபது மூடை எங்கே? அறிக்கை கொடுக்கமுன், முந்திய மாதம் 29ஆம் திகதி, தெரிந்த ஒப்பந்தகாரர் ஒருவருக்கு லொறியில் ஏற்றி அனுப்பியது. துண்டில் எழுதியதோடு சரி, பில் இன்னும் போடவில்லை. களவு இல்லை. ஆனால் வங்கியின் கண்ணுக்கு அது இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டிய அறிக்கை. மாதக் கடைசி மாலையில் களஞ்சியத்தை எண்ணி, கடைசி விற்பனைப் பில்லின் இலக்கத்தையும் கடைசியாக இறங்கிய சரக்குப் பில்லின் இலக்கத்தையும் அறிக்கைப் பிரதியிலேயே குறித்துவைத்தால் இந்தக் கேள்வி அன்றே தீர்ந்திருக்கும்.

பணம் கட்டாத சரக்கைச் சேர்த்துக் காட்டுவது இதைவிடக் கனமான பிழை. இருப்பு 60 இலட்சம், அதில் 25 இலட்சத்துக்கு விநியோகத்தருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்றால், கடனுக்கு ஈடாக நிற்பது 35 இலட்சம்தான். ஒப்பந்தத்தில் மார்ஜின், அதாவது சரக்கின் பெறுமதியில் வங்கி கடன் தராமல் விடும் பங்கு, 25 வீதம் என்றால் நீங்கள் எடுக்கக்கூடியது 26.25 இலட்சம். கழிக்காமல் விட்டால் 45 இலட்சம் என்று தெரியும். அதை நம்பி எடுத்து முடித்தபின் ஓடிற் அறிக்கை வந்தால், மிச்சத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி வங்கி கேட்கும். அந்த நேரத்தில் கையில் காசு இராது, அதுதான் வேதனை. கொமிஷனுக்கு விற்கத் தந்த பெயின்ற் வாளிகளும் உங்கள் சரக்கல்ல. தனியே அடுக்கி, யாருடையது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

விலை போடும்போதும் கவனம் தேவை. விற்கும் விலையில் மதிப்பிடக் கூடாது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2இன்படி, கொள்விலை, விற்றால் செலவு போகக் கையில் வரக்கூடிய தொகை, இரண்டில் குறைந்ததுதான் மதிப்பு. மாரி மழைக்குள் நிலத்தோடு அடுக்கிய சீமெந்தில் அடிவரிசை கட்டிபட்டிருக்கும். கணக்காய்வாளர் மேல்மூடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார், அடிமூடையை அமர்த்திப் பார்ப்பார். கட்டிபட்டதை நீங்களே பிரித்துக் குறைத்துக் காட்டுங்கள்.

எண்ணும்போது களஞ்சியப் பொறுப்பாளரை உடன் நிறுத்துங்கள். எண்ணிய தாளில் கையெழுத்து வைக்கமுன் வரிவரியாகப் பார்த்து, அன்றே ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுகிளையில் வைத்த சரக்கு விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லி எழுதுவிக்கலாம்.