அம்மாவின் டயாலிசிஸுக்காக வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும்போது நேரும் தவறுகள்

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நேரத்தைக் கொஞ்சம் அனுசரித்துத் தாருங்கள்" என்று எழுதுவதுதான் முதல் தவறு. படிப்பவருக்கு அதில் நாளும் தெரியாது, மணியும் தெரியாது. தனியார் அலுவலகத்தில் பெற்றோரைக் கவனிக்க நேரத்தை மாற்றித் தரச் சொல்லி வற்புறுத்தச் சட்டம் இல்லை. முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு. அவர் கணக்குப் பார்க்கும்படி கேட்க வேண்டும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலை பார்ப்பவருக்கு வீடு முன்னீர்பள்ளம். அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ், காலை 7 மணி ஷிப்ட். மெஷினில் 4 மணி நேரம்தானே, 11 மணிக்கு முடிந்துவிடும், 12-க்கு ஆபீஸ் வந்துவிடலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிரஷர் இறங்கித் தலை சுற்றினால் எழுப்பவே விடமாட்டார்கள். பிறகு ஆட்டோ பிடித்து வீட்டில் விட்டு, சாப்பிட வைத்துக் கிளம்ப மதியம் ஒரு மணி தாண்டிவிடும். 12 என்று சொல்லிவிட்டு வாரம் இரண்டு முறை பிந்தி வருவதைவிட, முதலிலேயே 2 மணி என்று கேட்பது மேல்.

வழக்கமான வேலை 10 முதல் 6 வரை, நடுவே ஒரு மணி நேரம் சாப்பாடு என்றால் வாரம் ஆறு நாளுக்கு 42 மணி நேரம். அந்த இரண்டு நாளும் 2 முதல் 7 வரை இருந்தால் 10 மணி நேரம். மற்ற நாலு நாளும் காலை 9-க்கே வந்தால் 32. கூட்டினால் அதே 42. இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே காட்டுங்கள். இரண்டே நாளில் ஈடுகட்டுகிறேன் என்று எழுதாதீர்கள். ஒரு நாள் வேலை 8 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம் பேச்சு வந்துவிடும்.

புது நேரத்துக்குச் சோதனைக் காலம் என்று இரண்டு வாரம் கேட்பது அடுத்த தவறு. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கட்சிக்காரர்களுக்கு, விற்பனை விவரம் காட்டும் GSTR-1-க்குக் கடைசி நாள் 11, வரி கட்டும் GSTR-3B-க்கு 20. அந்த நெருக்கடியைப் பார்க்காத சோதனையை எந்த ஆடிட்டரும் நம்பமாட்டார். 1-ஆம் தேதி தொடங்கி 6 வாரம் கேளுங்கள். 11 இரண்டு முறையும் 20 ஒரு முறையும் வந்துவிடும். 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுத வேண்டும். டயாலிசிஸ் முறையை நினைத்தபடி மாற்ற முடியாது. ஆகவே, "என் பொறுப்பிலுள்ள GSTR-1 எல்லாம் 10-ஆம் தேதி மாலைக்குள் தாக்கலாகிவிடும்" என்று ஒரு வரி போதும். ஆறு வாரம் கழித்து எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதற்கும் அந்த வரியே அளவுகோல்.

ஆஸ்பத்திரி ஃபைல் முழுவதையும் இணைக்க வேண்டாம். நாளும் ஷிப்டும் குறித்த ஒரு சீட்டு போதும்.

"சரிம்மா, பாத்துக்கிடுவோம்" என்று ஆடிட்டர் அண்ணாச்சி வாயால் சொன்னதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டால், மாதக் கடைசியில் சம்பளம் போடுபவர் வருகைப் பதிவைப் பார்த்து அரைநாள் அரைநாளாகக் கழித்துவிடுவார். அன்று மாலையே தொடங்கும் தேதி, முடியும் தேதி, நேரம் மூன்றையும் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிட்டு, சம்பளக் கணக்குப் பார்ப்பவரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.