செக் திரும்பினால் உடனே குற்றமா? 138-ஆம் பிரிவைப் படிகளாக்கிப் படிக்கும் முறை

ஈரோடு ஜவுளிச் சந்தையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ ஒரு செக் திரும்பியதும், "இரண்டு வருடம் உள்ளே தள்ளிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவின் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். கடனுக்காகக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பிரிவு அங்கே முடியவில்லை.

பென்சிலால் அதை மூன்றாகப் பிரியுங்கள்: முதல் பத்தி, அதற்கு நிபந்தனை போடும் வரம்புரை, கடைசியில் வரும் விளக்கம்.

வரம்புரையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "இவை நடந்தாலன்றி இப்பிரிவு பொருந்தாது" என்ற பாணியில் மூன்று நிபந்தனைகள் அங்கே வருகின்றன. இரட்டை எதிர்மறையை நேராக்குங்கள்: "மூன்றும் நடந்தால்தான் பொருந்தும்." ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் செய்ய வேண்டும், நாள் எதிலிருந்து ஓடுகிறது என்று எழுதுங்கள்.

விளக்கம் கடைசியில் அச்சாகியிருந்தாலும் அதன் இடம் முதலில். "கடன்" என்றால் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் என்கிறது அது. அன்பளிப்பாகக் கொடுத்த செக் இங்கேயே கழன்றுவிடும்.

இப்போது வரிசைப்படுத்தினால்:

1. செக், சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்குத் தரப்பட்டதா?
2. செல்லுபடிக் காலத்துக்குள் வங்கியில் போடப்பட்டதா? பிரிவு ஆறு மாதம் என்றாலும், 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். இரண்டில் முந்துவதே கணக்கு.
3. பணம் போதாமல் திரும்பியதா?
4. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா?
5. நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரத் தவறினாரா?

ஐந்துக்கும் "ஆம்" என்றால்தான் குற்றம்.

நூல் வியாபாரி ஒருவருக்கு ஜூன் 5 தேதியிட்ட செக் கிடைக்கிறது. அது திரும்பிய தகவல் அவருக்கு ஜூன் 12-இல் வருகிறது. நோட்டீஸுக்கு ஜூலை 12 வரை நேரமுண்டு. ஜூன் 20-ஆம் தேதியே அனுப்புகிறார். எதிராளி ஜூன் 24-இல் வாங்குகிறார். வாங்கிய நாளை விட்டு எண்ணினால், ஜூலை 9-உடன் 15 நாள் முடிகிறது. பணம் வரவில்லை. வழக்குக் காரணம், அதாவது புகார் கொடுக்கும் உரிமை, ஜூலை 10-இல் பிறக்கிறது. கோபத்தில் ஜூலை 5-இலேயே புகார் போட்டிருந்தால் அது நிற்காது. புகாருக்கான ஒரு மாதக் கெடு 138-இல் இல்லை, 142-இல் இருக்கிறது. இங்கே ஆகஸ்ட் 10 வரை. அதனால் பக்கத்துப் பிரிவுகளையும் ஒரு கண் பாருங்கள்.

138-இல் "விதிவிலக்கு" என்ற தலைப்பே கிடையாது. அவதூறு பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் பத்து இருக்கின்றன. அப்படிப்பட்டவற்றைக் கடைசிப் படியாக வையுங்கள்: 138-இன் நிபந்தனைகள் நிறைவேறியதைக் காட்ட வேண்டியவர் புகார்தாரர், விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டியவரோ குற்றம் சாட்டப்பட்டவர்.