54க்கும் 60க்கும் இடையில்: குழுச் சராசரியைக் கொண்டு ஒரு பிள்ளையை ஊகிக்க முடியுமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர், இந்தப் பக்கம் அவ்வளவு இல்லை.” இந்தக் கூற்று ஒரு சராசரியைப் பற்றியது. அதைக் கேட்டவர் அடுத்த நாள் தனியார் வகுப்பில் சேர வந்த ஒரு பிள்ளையின் ஊரை விசாரித்து, அதை வைத்து எந்தப் பிரிவில் இருத்துவது என்று முடிவெடுத்தால் அது வேறொரு கூற்றாகிவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அளந்து பார்க்கும் முறையை இங்கே படிப்படியாகச் செய்வோம். சாதாரண தரக் கணிதமும் ஒரு கணினி விரிதாளும் போதும்.

படி 1: இடையோடு நியம விலகலையும் எடுத்தல்

கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாணவர் குழுக்களை வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் அமைத்தவை. எந்தக் கல்வி வலயத்தின் உண்மைப் பெறுபேறும் அல்ல. கணிதப் பரீட்சையில் கிழக்கின் இடை 54 புள்ளி, மேற்கின் இடை 60 புள்ளி. இரண்டிலும் நியம விலகல், அதாவது புள்ளிகள் இடையிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் தூரம், 20.

பத்திரிகைகளும் பாடசாலை அறிக்கைகளும் இடையை மட்டும் தந்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன; ஆனால் நமது கேள்விக்கு நியம விலகலே முக்கியம். புள்ளிகள் ஏறத்தாழச் செவ்வன் பரம்பலில், அதாவது பலர் நடுவிலும் சிலரே இரு ஓரங்களிலும் நிற்கும் மணி வடிவில், அமைந்திருந்தால், கிழக்கில் மூன்றில் இரண்டு பங்கினர் 34க்கும் 74க்கும் இடையிலும், மேற்கில் அதே பங்கினர் 40க்கும் 80க்கும் இடையிலும் இருப்பார்கள். ஒரே குழுவுக்குள் இருக்கும் இந்த 40 புள்ளி அகலத்தின் முன்னால் குழுக்களுக்கு இடையிலான 6 புள்ளி எவ்வளவு சிறியது என்பது இங்கேயே தெரியத் தொடங்குகிறது.

படி 2: விளைவுப் பருமனைக் கணித்தல்

இடைகளின் வித்தியாசத்தை நியம விலகலால் வகுக்க வேண்டும்: 6 ÷ 20 = 0.3. புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹனின் பெயரால் வழங்கும் இந்த அளவை d என்று குறிப்பார்கள். உயர்தரத்தில் இசட் புள்ளி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு மாணவரின் புள்ளிக்கும் இடைக்கும் உள்ள தூரத்தை நியம விலகலால் வகுக்கிறோம், இங்கே இரண்டு இடைகளுக்கும் உள்ள தூரத்தை வகுக்கிறோம். இரண்டு நியம விலகல்களும் சற்று வேறுபட்டு, குழுக்கள் சம அளவாகவும் இருந்தால், அவற்றின் வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்து அதனால் வகுக்கலாம்.

0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று கோஹன் ஓர் அளவுகோலைத் தந்தார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தவரும் அவரே. ஆகையால் அந்தப் பெயர்களை விட்டுவிட்டு, 0.3 என்றால் நடைமுறையில் என்ன என்று கேட்பதே மேல்.

படி 3: மேற்பொருந்தலைப் பார்த்தல்

விரிதாளில் இந்த இரண்டு வரிகளையும் இடுங்கள்.

```
=2*NORM.S.DIST(-0.3/2,TRUE)
=NORM.S.DIST(0.3/SQRT(2),TRUE)
```

முதல் விடை 0.88. இரண்டு பரம்பல் வளையிகளையும் ஒரே தாளில் வரைந்தால் அவற்றின் பரப்பில் 88 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் என்பது இதன் பொருள்.

இரண்டாவது விடை 0.58. பொதுமக்களுக்குச் சொல்ல இதுவே ஏற்ற எண் என்பது எனது எண்ணம். மேற்கிலிருந்து ஒரு மாணவரையும் கிழக்கிலிருந்து ஒரு மாணவரையும் எழுந்தமானமாக எடுத்து ஒப்பிட்டால், நூறு சோடிகளில் ஏறக்குறைய 58இல் மேற்கு மாணவர் கூடிய புள்ளி பெற்றிருப்பார். மற்ற 42இல் கிழக்கு மாணவரே முந்தியிருப்பார். நாணயத்தைச் சுண்டி ஊகித்தாலே 50 சரிவரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டுக்கு, வளர்ந்த ஆண், பெண் உயரத்தை எடுக்கலாம். அங்கே d ஏறத்தாழ 2. மனிதக் குழுக்களுக்கிடையே காணப்படும் வித்தியாசங்களில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று. அப்படியிருந்தும் எழுந்தமானமான நூறு சோடிகளில் எட்டளவில் பெண்ணே உயரமாக இருப்பார்.

படி 4: ஊரைத் தெரிந்துகொண்டதால் ஊகம் எவ்வளவு திருந்துகிறது?

பலர் தவறவிடும் படி இது. சம எண்ணிக்கையான இரு குழுக்களிலிருந்தும் ஒரு பிள்ளை வருகிறது, ஊர் தெரியாது என்றால் நமது சிறந்த ஊகம் பொதுச் சராசரியான 57. அந்த ஊகத்தின் வழக்கமான பிழை 20.2 புள்ளி. பிள்ளை கிழக்கு என்று தெரிந்துவிட்டது. ஊகத்தை 54 ஆக மாற்றுகிறோம். இப்போது பிழை 20 புள்ளி. முழு விசாரணையும் நமக்குத் தந்த இலாபம் 0.2 புள்ளி மாத்திரமே. வேறு விதமாகச் சொன்னால், புள்ளிகளில் காணப்படும் மாறற்றிறனில், அதாவது நியம விலகலின் வர்க்கத்தில், ஏறத்தாழ 2 சதவீதமே ஊரோடு சேர்ந்து வருகிறது. பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் பத்துக் கணக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பல மடங்கு கூடுதலான தகவல் கிடைத்துவிடும்.

படி 5: ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, சலாகை வரைபடம். நிலைக்குத்து அச்சை 50இலிருந்து தொடங்கி வரைந்தால் கிழக்கின் சலாகை 4 அலகும் மேற்கின் சலாகை 10 அலகும் உயர்ந்து நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டரை மடங்கு வித்தியாசம் இருப்பதுபோல் தோன்றும். அச்சு எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது, “பொருளுண்மை உடையது” என்ற சொல். ஒவ்வொரு குழுவிலும் 5000 பேர் இருந்தால் இடைகளின் வித்தியாசத்துக்குரிய நியம வழு, அதாவது அந்த வித்தியாசம் தற்செயலாக ஏறி இறங்கக்கூடிய அளவு, 0.4 புள்ளிதான். அப்போது வித்தியாசம் வெறும் 1 புள்ளியாக இருந்தாலும் புள்ளியியல் சோதனை அதைப் பொருளுண்மை உடையது என்றே அறிவிக்கும், d 0.05 மட்டுமே என்றாலும். வித்தியாசம் தற்செயலானது அல்ல என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்கிறது. அது பெரியது என்று சொல்லவில்லை. நியம வழுவை நியம விலகல் என்று மயங்கி அதனால் வகுப்பவர்களும் உண்டு. d பத்து, பதினைந்து என்று வந்தால் அந்தத் தவறு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, பரம்பலின் வால். 75க்கு மேல் ஏ சித்தி என்று எடுத்தால் கிழக்கில் 15 சதவீதமும் மேற்கில் 23 சதவீதமும் அதைப் பெறுவர். ஏ சித்தி பெற்றோரின் பட்டியலில் பத்துக்கு ஆறு பேர் மேற்காக இருப்பதைக் கண்டு இரு குழுக்களும் வெகுதூரம் என்று எண்ணத் தோன்றும். வெட்டுப்புள்ளியை மேலே கொண்டுபோகப் போக இந்த விகிதம் இன்னும் கூடும். 90இல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். ஆனால் மேற்கிலும் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் ஏ சித்தி பெறவில்லை.

படி 6: சராசரி எங்கே பயன்படும்

சிறிய d என்பதால் அதைத் தூக்கி வீசவும் கூடாது. சித்திக்கு 35 புள்ளி தேவையென்றால் கிழக்கில் 17 சதவீதமும் மேற்கில் 11 சதவீதமும் தவறுவர். 5000 பேரில் அது முந்நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட வித்தியாசம். கணித ஆசிரியர்களை எங்கே கூடுதலாக நியமிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரிக்கு 54, 60 ஆகிய இரண்டு எண்களும் அவசியம். பிரிவு ஒதுக்கும் ஆசிரியருக்கு அவற்றால் ஆவது மிகச் சொற்பம்.

கடைசியாக ஒரு செய்முறைக் குறிப்பு. வருமானம், காணி அளவு போன்றவை செவ்வன் பரம்பலில் அமைவதில்லை; ஒரு சிலரிடம் மிகப் பெரிய அளவு குவிந்திருக்கும். அங்கே மேலே தந்த சூத்திரங்கள் பொய் சொல்லும். அப்போது தரவுகளையே எடுத்து, ஒரு குழுவின் ஒவ்வொருவரையும் மற்றக் குழுவின் ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டு, எத்தனை சோடிகளில் யார் முந்துகிறார் என்று நேரடியாக எண்ணுங்கள். சமநிலைகளுக்கு அரைவாசி கொடுங்கள். ஐம்பது பேர் வீதம் இரண்டு குழுக்கள் என்றால் 2500 சோடிகள், விரிதாளுக்கு அது ஒரு நொடி வேலை.