‘எல்லோரும் நேரில் வரவும்’ என்றால் யார் யார்? பெங்களூரில் வீட்டுக் கடன் கையெழுத்துக்குப் போகும் முன்

பெங்களூருக்கு வந்து இரண்டு மூன்று வருடம் வாடகை கொடுத்துச் சலித்தவர்கள் ஒருநாள் ஃபிளாட் பார்க்கக் கிளம்புவார்கள். கடன் சாங்ஷன் ஆனதும் பாதி வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். அப்போதுதான் வங்கியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். ஆங்கிலத்தில் நான்கு வரி. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“கடன் ஆவணங்களில் கையெழுத்திட வியாழன் காலை 11 மணிக்கு வரவும். விண்ணப்பதாரர், இணை விண்ணப்பதாரர்கள், ஜாமீன்தாரர் அனைவரும் நேரில் வர வேண்டும். அசல் பான், ஆதார், போட்டோ, காசோலைகள், விற்பனை ஒப்பந்தம், சொந்தப் பங்கு செலுத்திய ரசீது ஆகியவற்றைக் கொண்டு வரவும்.”

எங்கள் பக்கத்து வீட்டுச் செந்திலுக்கு வந்ததும் இதுதான். கோவில்பட்டிக்காரர், ஒயிட்ஃபீல்டில் வேலை, கே.ஆர்.புரத்தில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பேசி முடித்திருந்தார். செய்தியைப் படித்துவிட்டு, “நானும் தீபாவும் போனால் போதும், இல்லையாண்ணே?” என்று கேட்டார். விற்பனை ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொன்னேன். வாங்குபவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருந்தது, செந்தில், அவருடைய அம்மா முத்துலட்சுமி. ஊரில் நிலம் விற்ற பணத்தில் அம்மா எட்டு லட்சம் கொடுத்திருந்தார். அதனால் மரியாதைக்கு அவர் பெயரையும் சேர்த்திருந்தார்கள்.

வங்கிக்கு அது மரியாதை இல்லை, உரிமை. வீட்டை அடமானமாக வைத்துத்தான் கடன் தருகிறார்கள். அந்த வீட்டில் பங்குள்ள ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் அடமானம் முழுமையாகாது. அதனால் பத்திரத்தில் யார் பெயர் வரப்போகிறதோ அவர்கள் எல்லோரையும் பெரும்பாலும் கோ-அப்ளிகன்ட் ஆக்கிவிடுவார்கள், சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இன்னொரு வகை, சம்பளத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். தீபா அந்த வகை. பத்திரத்தில் பெயர் இல்லை, ஆனால் அவர் வருமானத்தையும் கணக்கில் எடுத்துத்தான் தொகையைக் கூட்டினார்கள். மூன்றாவது ஜாமீன்தாரர், இருந்தால். ஆக, செய்தியில் ‘அனைவரும்’ என்று இருந்தால் ஒரு கையில் சாங்ஷன் கடிதத்தையும் மறு கையில் விற்பனை ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பெயர் சாங்ஷன் கடிதத்தில் இல்லையென்றால் அன்றைக்கே வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். வியாழக்கிழமை கவுண்டரில் போய்க் கண்டுபிடித்தால் அந்த நாள் வீண்.

வீட்டை விற்பவர் இந்தக் கையெழுத்துக்குப் பொதுவாக வர வேண்டியதில்லை. அவரைப் பதிவு அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தேதி விஷயத்தில் நம்மவர்கள் தடுமாறுவது ஊர்க் காலண்டரால். தமிழ்நாட்டு விடுமுறையும் கர்நாடக விடுமுறையும் ஒன்றல்ல. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம், அன்று இங்கே வங்கி கிடையாது. இரண்டாம், நான்காம் சனி எங்கேயுமே கிடையாது. முகவரியையும் கவனியுங்கள். நீங்கள் விண்ணப்பம் கொடுத்த கிளை ஒன்று, கையெழுத்து வாங்கும் கடன் பிரிவு வேறொன்று என்பது பல வங்கிகளில் வழக்கம். கே.ஆர்.புரத்தில் விண்ணப்பித்தவரை எம்.ஜி. ரோட்டுக்கு வரச் சொல்வார்கள். பதினொரு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை ஒரு மாதம் இங்கே இருந்தவருக்கே சொல்ல வேண்டாம்.

அம்மா புதன்கிழமை தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறி வியாழன் காலையில் வந்து இறங்கினார். வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டு, நேரே வங்கி. முதல் சிக்கல் பெயரில் வந்தது. ஆதாரில் ‘முத்துலட்சுமி’, பானில் ‘முத்துலட்சுமி சுப்பையா’, ஊர் வங்கிப் பாஸ்புக்கில் ‘சு. முத்துலட்சுமி’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஆனால் இனிஷியல் என்ற பழக்கம் தெரியாதவருக்கு இது மூன்று பேர் மாதிரிதான் தெரியும். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால்தான் அப்பா பெயரோ கணவர் பெயரோ பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. கல்யாணத்துக்கு முன் எடுத்த பானில் அப்பா பெயரும், பின்னால் திருத்திய ஆதாரில் கணவர் பெயருமாக இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் மோசம்.

இதற்கு வழி, ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை’ என்று ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரி கையெழுத்தோடு. செந்தில் முன்யோசனையாக ஊரிலிருந்து 20 ரூபாய் முத்திரைத்தாள் வாங்கி வரச் சொல்லியிருந்தார். அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை. முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்குப் போகும் பணம். இங்கே எழுதிக் கையெழுத்திடும் ஆவணத்துக்குக் கர்நாடக ஸ்டாம்ப்தான் வேண்டும். வங்கிக்கு எதிரேயே இ-ஸ்டாம்ப் போட்டு, டைப் அடித்து, நோட்டரி முத்திரையும் வாங்கி வர ஒரு மணி நேரம் ஆனது. முந்தின நாளே செய்து வைத்திருக்கலாம். முக்கியமான விஷயம், பின்னால் வரப்போகும் கிரயப் பத்திரத்தில் எந்தப் பெயர் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்து, பானில் உள்ளபடி எழுதச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாதத் தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் அனுமதியையும் சில தாள்களையும் இப்போது ஆதார் ஓ.டி.பி. வைத்துக் கணினியிலேயே முடிக்கிறார்கள். அம்மாவின் ஆதாரோடு இணைத்திருந்த எண், திருப்பூரில் மில் வேலைக்குப் போகும் சின்ன மகனிடம் இருந்தது. ஷிப்டில் இருந்தவர் போனை எடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவர் கூப்பிடும்வரை மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செய்தியில் ‘ஆதார் அசல்’ என்று போட்டிருந்தாலும் கூடவே அந்த சிம் இருக்கும் போனும் வேண்டும் என்று நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அம்மா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். அதில் தடையே இல்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதால், ‘இதிலுள்ளதைத் தமிழில் படித்து விளக்கினார்கள், புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்’ என்ற உறுதிமொழித் தாளில் தனியாகக் கையெழுத்து வாங்குவார்கள். அன்று வங்கியிலேயே தமிழ் பேசும் ஓர் ஊழியர் இருந்தார், ஹலசூர்க்காரர். “அம்மா, இது வட்டி, இது மாசத் தவணை, உங்க பையன் கட்டலைன்னா உங்ககிட்டயும் கேப்போம், சரியா?” என்று சொல்லிக் கேட்டுத்தான் தாளை நீட்டினார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு அம்மா ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

விளக்கிச் சொல்வது ஊழியரின் தயவு இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும், அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்று கேளுங்கள். வட்டி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். படித்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். எனவே செய்தி வந்த அன்றே அதை மெயிலில் அனுப்பச் சொல்லிவிடலாம். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. கடன் தொகையோடு ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் சேர்ந்திருக்கிறதா என்று அந்தத் தாளில்தான் தேட வேண்டும். கேட்காமலேயே சேர்ந்திருப்பது உண்டு. வேண்டாம் என்றால் கையெழுத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.

அடுத்து, சொந்தப் பங்கு ரசீது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. செந்திலுக்கு 48 லட்சம் கடன், மீதி 12 லட்சம் கையிலிருந்து. அந்தப் பன்னிரண்டும் வங்கி வழியாக விற்பவருக்குப் போனதற்கு ஸ்டேட்மென்ட் காட்ட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்ததை வங்கி ஏற்காது. இதில் ஒரு சின்ன நெளிவு உண்டு. வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதாவது 60,000 ரூபாய். விற்பவர் கையில் போனது 11,40,000, வரிச் சலான் 60,000, இரண்டும் சேர்ந்தால்தான் பன்னிரண்டு லட்சம். சலானைக் கொண்டு போகாவிட்டால் ‘60,000 குறைகிறதே’ என்பார்கள். பத்திரப் பதிவுச் செலவு இந்தக் கணக்கில் வராது, அதற்குத் தனியாகப் பணம் வேண்டும்.

காசோலைகள் எத்தனை என்று வங்கிக்கு வங்கி மாறும். கேட்டுக்கொண்டு போங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல், பெறுபவர் இடத்தில் வங்கியின் பெயரையும் கடன் கணக்கு எண்ணையும் எழுதி, குறுக்கே இரண்டு கோடு போட்டுக் கொடுங்கள். காசோலை எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எதையும் ஏஜென்ட்டின் சொந்த யூ.பி.ஐ.க்கு அனுப்பாதீர்கள். அப்படிக் கேட்டுச் செய்தி வந்தால் கிளைக்கே போன் செய்து விசாரியுங்கள்.

அப்புறம், அம்மாவின் மூக்குக்கண்ணாடி. சிரிக்காதீர்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடத்தில் எல்லாம் மறுபடி கையெழுத்து. நாற்பதாவது தாளில் கையெழுத்து வேறு மாதிரி ஆகிவிட்டது என்று நான்கு தாளைத் திரும்பப் போடச் சொன்னார்கள். பானில் உள்ள மாதிரியே போட வேண்டும். ஒரு நகலைப் பார்த்துக்கொண்டே போட்டால் நல்லது.

எல்லாம் முடிய மாலை நாலரை. செந்தில் அம்மாவுக்கு அன்றிரவே ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருந்தார். கிளம்பும்போது ஹலசூர்க்காரர்தான் கேட்டார், “ரிஜிஸ்ட்ரேஷன் எப்போ? அதுக்கும் அம்மா வேணுமே.” உண்மைதான். வாங்குபவர்களில் அவரும் ஒருவர், சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் போட்டோவும் கைரேகையும் வைக்க வேண்டும். பதிவான அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைக்கும் எம்.ஓ.டி.டி. என்ற அடமானக் குறிப்பிலும் அவர் கையெழுத்து வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்து, அடுத்த புதன்கிழமை பதிவு முடியும்வரை அம்மா இங்கேயே இருந்தார். எங்கள் வீட்டுக்கும் இரண்டு வேளை கருவாட்டுக் குழம்பு வந்தது.