கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறீர்களா? ஹோட்டலுக்கு மெயில் எழுதுவது இப்படி

கும்பகோணத்தில் மச்சினன் கல்யாணம். 13ஆம் தேதி மாலை வரவேற்பு, 14 அதிகாலை முகூர்த்தம். சிங்கப்பூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர், மெல்போர்னிலிருந்து அக்கா குடும்பம் மூன்று பேர். மூன்று அறைகளுக்கு நான் எழுதிய மெயிலை வைத்தே சொல்கிறேன்.

முதலில், செயலியில் பதிவு செய்யாதீர்கள். ஒரு ஆள், ஒரு ராத்திரி என்றால் சரி. பாட்டி, குழந்தை, நடுராத்திரி வருகை என்று வரும்போது அங்கே இருக்கும் குறிப்புப் பெட்டியை நம்ப முடியாது. வாட்ஸ்அப்பில் விலை பேசலாம், ஆனால் முடிவானதை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். கும்பகோணம் மாதிரி ஊர் ஹோட்டலுக்குத் தமிழிலேயே எழுதலாம். எக்செல் இணைப்பு வேண்டாம், வரவேற்பில் இருப்பவர் போனில்தான் படிப்பார்.

படி 1: தேதி

எல்லோரும் சிக்குவது இங்கேதான். எங்கள் விமானம் பிப்ரவரி 11 இரவு 11.10க்குத் திருச்சியில் இறங்குகிறது. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வண்டியில் கும்பகோணம் போய்ச் சேர அதிகாலை 2.30. அதாவது டிக்கெட்டில் 11, ஹோட்டல் வாசலில் 12. "12ஆம் தேதி அறை வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பகல் 12 மணிக்கு நாள் மாறும் ஹோட்டலில் உங்கள் அறை அன்று மதியம்தான் காலியாகும். "11ஆம் தேதி அறை" என்று மட்டும் எழுதினாலோ, ராத்திரி பத்து மணிவரை பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்று வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். முகூர்த்த நாளை ஒட்டி இது சாதாரணமாக நடக்கும்.

அதனால் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: "11 இரவிலிருந்து அறை. நாங்கள் வந்து சேர்வது 12 அதிகாலை 2.30." மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 11/2 என்பதை நவம்பர் 2 என்று படிப்பவர்களும் உண்டு.

படி 2: நாள் கணக்கைக் கேளுங்கள்

நம்மூரில் நிறைய லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து நாள் ஓடும். நாங்கள் 14 இரவு 10 மணிக்குக் கிளம்புகிறோம். பகல் 12 மணிக் கணக்கில் 11, 12, 13, 14 என நான்கு நாள் வாடகை. 24 மணிக் கணக்கில் 12 அதிகாலை 2.30இல் தொடங்கி மூன்று நாள்தான். அறைக்கு ஒரு நாள் வாடகை மிச்சம். ஆனால் அந்த முறையில் அதிகாலையில் அறை காலியாக இருக்குமா என்பதைத் தனியாக உறுதி செய்ய வேண்டும்.

படி 3: தேவைகள்

அறை வாரியாக எழுதுங்கள், மொத்தமாக எழுதினால் எது யாருக்கு என்று தெரியாது. நான் அனுப்பியது:

> வணக்கம். பிப்ரவரி 14 திருமணத்துக்கு 3 ஏசி அறைகள் தேவை, முடிந்தால் ஒரே தளத்தில்.
>
> அறை 1: கணவன், மனைவி, 9 வயதுப் பையன். கூடுதல் மெத்தை ஒன்று. பிப்ரவரி 11 இரவிலிருந்து (வந்து சேர்வது 12 அதிகாலை 2.30), பிப்ரவரி 14 இரவு 10 வரை.
>
> அறை 2: அம்மா (78 வயது), மகள். அதே நேரம். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். லிஃப்ட் இல்லையென்றால் தரைத்தளம். இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ்.
>
> அறை 3: மூன்று பேர். பிப்ரவரி 12 மதியம் 1 மணி முதல் பிப்ரவரி 15 காலை 9 வரை.
>
> 14ஆம் தேதி அதிகாலை 3.30க்கு எல்லா அறைகளிலும் வெந்நீர் வருமா? 4 மணிக்குக் காபி கிடைக்குமா? உங்களுடையது 24 மணி நேரக் கணக்கா? வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்? எட்டுப் பேரும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்.

வெந்நீர்க் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலை 6 முதல் 9 வரை மட்டும் விடும் இடங்கள் உண்டு, முகூர்த்தத்துக்குக் குளிப்பதோ நாலு மணிக்கு. "24 மணி நேரமும் உண்டு" என்று பதில் வந்தால் அறையில் கீசரா, சோலாரா என்று கேளுங்கள். சோலார் தண்ணீர் அந்த நேரத்தில் ஆறிப்போயிருக்கலாம்.

முன்பணத்தை ஊரிலிருக்கும் ஒருவரை ஜிபே பண்ணச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: மெயிலின் கடைசி வரியில் பாஸ்போர்ட் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால், ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கு அவர்கள் விவரத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். அந்தத் தொல்லைக்காகவே சில சின்ன லாட்ஜ்கள் அறை தர மறுக்கும். அதிகாலை 2.30க்கு வாசலில் நின்று கேட்பதைவிட இப்போதே மெயிலில் "இல்லை" என்று வாங்கிவிட்டால் வேறு இடம் பார்க்கலாம். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை நகல்களை ஆளுக்கு ஒன்றாகக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.