கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்கள்: ஆட்டோ ஏசியில் கேபின் சென்சார், வெயில் சென்சார் சோதனை

காரில் ஏசி சரியில்லை என்று கடைக்குப் போனால் முதலில் வரும் பதில் "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்பதுதான். சாதாரண ஏசி என்றால் அது பாதி நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் 24 டிகிரி என்று எண்ணை வைத்துவிட்டு AUTO அழுத்தும் வகைக் கார்களில், குளிர்ச்சி கச்சிதமாக இருந்தும் வண்டி விசித்திரமாக நடந்துகொள்ளும். என் காரில் 26 வைத்திருந்தாலும் மதியத்தில் ப்ளோயர் முழு வேகத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் இருப்பவர்கள் துண்டு போர்த்திக்கொள்வார்கள். சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் இல்லை. காரணம் டேஷ்போர்டுக்குள் கழன்று கிடந்த ஒரு சின்னக் குழாய். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் LO

வெப்பநிலையை ஒரேயடியாகக் குறைத்து LO என்று காட்டும் வரை கொண்டுபோங்கள். அந்த நிலையில் பெரும்பாலான கார்கள் கேபின் சென்சாரும் வெயில் சென்சாரும் சொல்வதைக் கணக்கில் எடுக்காது. சூடு, குளிர் கலக்கும் கதவை முழுக்கக் குளிர் பக்கம் தள்ளிவிட்டு ப்ளோயரை ஏற்றிவிடும். LO-வில் நல்ல குளிர் வந்து, 24, 26 என்று வைக்கும்போது மட்டும் குளறுபடி என்றால் கேஸும் கம்ப்ரெஸரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. LO-விலும் குளிர் இல்லை என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு அவ்வளவாக உதவாது. ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: மீட்டரில் வெளி வெப்பநிலை நம்பவே முடியாத குளிரைக் காட்டினால், முன்பம்பர் பக்கம் இருக்கும் சென்சாரோ அதன் வயரோ துண்டித்திருக்கலாம். வெளியே உறைபனி என்று நம்பினால் கார் கம்ப்ரெஸரையே ஓட விடாது. பம்பர் கழற்றி மாட்டிய வண்டிகளில் இது சகஜம்.

கேபின் சென்சார் எங்கே, எப்படி வேலை செய்கிறது

ஸ்டியரிங் பக்கத்திலோ ஏசி பேனலை ஒட்டியோ, பத்து ரூபாய் நாணயம் அளவில், துளைகள் போட்ட ஒரு சின்ன மூடி இருக்கும். வென்ட் மாதிரி தெரியும், ஆனால் காற்று வராது. அதற்குப் பின்னால் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும்.

டேஷ்போர்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தால் அது பிளாஸ்டிக்கின் சூட்டைத்தான் அளக்கும். அதனால் கேபின் காற்றை அதன் மேல் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில கார்களில் இதற்கு ஒரு குட்டி ஃபேன் உண்டு. வேறு பல கார்களில் மோட்டாரே கிடையாது. சென்சாரின் பின்பக்கத்திலிருந்து ஒரு நெளிவுக் குழாய் ஏசி பெட்டிக்குப் போகும். ப்ளோயர் ஓடும்போது அங்கே வேகமாகப் போகும் காற்று அந்தக் குழாய் வழியாக உறிஞ்சும்.

இந்த இழுப்பு நின்றுவிட்டால் நடப்பதுதான் வேடிக்கை. சென்சார் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, எந்த எரர் கோடும் வராது. ஆனால் மதிய வெயிலில் காய்ந்த டேஷ்போர்டின் உள்சூட்டைப் பார்த்து, கேபின் இன்னும் கொதிக்கிறது என்று கார் நினைக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் காரில் பார்த்தபோது, சீட் பக்கம் தொங்கவிட்ட தெர்மாமீட்டரில் 22; கேபின் சென்சார் சொன்னது 33. இரவில் டேஷ்போர்டு ஆறிவிடுவதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், குறையும் மறைந்துவிடும். கடைக்குப் போவதென்றால் மதியம், வெயிலில் நிறுத்திய வண்டியோடு போங்கள்.

டிஷ்யூ பேப்பர் சோதனை

எல்லோரும் சறுக்கும் இடம் இது. இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, ப்ளோயரைக் கையால் அதிக வேகத்தில் வையுங்கள். டிஷ்யூ பேப்பரில் ஒரு அடுக்கை மட்டும் உரித்து, மூடியை மறைக்கும் அளவுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். முழு டிஷ்யூ வேண்டாம்; கனமாக இருந்தால் நல்ல காரிலேயே ஒட்டாது. பக்கத்து வென்ட்களை வேறு பக்கம் திருப்பிவிட்டு, துண்டை மூடியின் மேல் வைத்து விரலை எடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுப்பு இருக்கிறது. உடனே விழுந்தால் இல்லை.

ப்ளோயரை நிறுத்திவிட்டுச் சோதித்தால் குழாய் வகைக் கார்களில் துண்டு எப்போதும் விழும். குழாய் நன்றாக இருந்தாலும் விழும். குட்டி ஃபேன் வகை என்றால் இக்னிஷன் போட்டவுடன் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் கிரீச் என்று மாறியிருந்தால் ஃபேன் சாகப்போகிறது என்று அர்த்தம். சில புதிய கார்களில் இந்த மூடியே கிடையாது. சீட்டின் மேற்பரப்புச் சூட்டைத் தூரத்திலிருந்து பார்க்கும் இன்ஃப்ராரெட் சென்சார் இருக்கும். அவற்றில் டிஷ்யூவுக்கு வேலை இல்லை.

இழுப்பு இல்லையென்றால் முதல் சந்தேகம் தூசி. மென்மையான பெயிண்ட் பிரஷால் மூடியைத் துடைத்துக்கொண்டே வாக்குவம் கிளீனரைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். கம்ப்ரெஸர் காற்றை அடிக்காதீர்கள். தூசி உள்ளே போய்க் குட்டி ஃபேனில் சிக்கும். டேஷ்போர்டு பாலிஷை நேரடியாக ஸ்ப்ரே செய்யும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அந்தத் துளைகளில் படிந்தால் தூசி விடாமல் ஒட்டும். பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் போதும்.

துடைத்தும் ஒட்டவில்லை என்றால் பேனலைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, பிறகு தொடுங்கள். ஸ்டியரிங்கின் கீழே முழங்கால் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் நீங்களே முயல வேண்டாம். உலோக ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனலில் தடம் விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். என் காரில் சென்சார் பக்கம் குழாய் மாட்டியே இருந்தது. ஏசி பெட்டிப் பக்கத்து முனைதான் கழன்று தொங்கியது. புது ஸ்டீரியோ மாட்டிய கடையில் வயரை இழுக்கும்போது விலகியிருக்க வேண்டும். அழுத்தி மாட்டி ஒரு கேபிள் டை போட்டதோடு சரி. செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சென்சாரையே சந்தேகப்பட்டால் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பல டொயோட்டா கார்களில் 25 டிகிரியில் சுமார் 1.7 கிலோஓம் வரும். மற்ற கம்பெனிகளின் எண் வேறு. எண்ணைவிட முக்கியம், சென்சாரை விரலால் பிடித்தால் அந்த எண் குதிக்காமல் மெதுவாக இறங்குகிறதா என்பது. அங்கங்கே குதித்தாலோ எல்லையில்லாமல் காட்டினாலோ சென்சார் போய்விட்டது. அப்படி அறுந்த சென்சாரைக் கடுங்குளிர் என்று படிக்கும் கார், மே மாதத்தில் ஹீட்டரைத் திறந்துவிடும். கொஞ்சம் புத்தியுள்ள கார், ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும். அப்போது AUTO பெயருக்குத்தான் AUTO.

வெயில் சென்சார்

முன்கண்ணாடிக்கு அடியில், டேஷ்போர்டு மேல் இருக்கும் கறுப்புக் குமிழ். உள்ளே ஒரு போட்டோடயோடு. வெயில் நேராக விழுந்தால் காற்று சூடாகும் முன்பே குளிரையும் ப்ளோயரையும் கொஞ்சம் கூட்டுவது இதன் வேலை. இது எப்போதும் இருட்டு என்று சொன்னால், காலையில் 24 வசதியாக இருக்கும், மதியம் 21-க்கு இறக்க வேண்டிவரும். எப்போதும் வெயில் என்று சொன்னால் இரவிலும் ப்ளோயர் அடங்காது.

நம் ஊரில் இது கெடுவதைவிட மறைவதே அதிகம். டேஷ்போர்டில் பிள்ளையார், டிஷ்யூ பெட்டி, முழுக்க விரித்த மேட், டோல் ரசீது. பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தாலே பல கார்களில் கதை முடிந்துவிடும்.

சோதிப்பதென்றால் வெயிலில் நிறுத்தி, AUTO-வில் ப்ளோயர் நடுவேகத்துக்கு வந்து நிலைத்த பிறகு, குமிழின் மேல் தடித்த துணியைப் போட்டு, ப்ளோயர் இறங்குகிறதா என்று காத்திருங்கள். உடனே மாற்றம் தெரியாது. மரநிழல் சாலையில் ப்ளோயர் ஏறி ஏறி இறங்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மெதுவாகத்தான் மாறும்படி செய்திருப்பார்கள். சில கார்களில் ஆட்டோ ஹெட்லைட் சென்சாரும் இதே குமிழில்தான். துணி போட்டதும் விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள்.

ஸ்கேனர் பற்றி

மலிவான ELM327 ஸ்கேனரைப் பொதுவான ஆப்போடு போட்டால் இஞ்சின் கோடுகள் வரும். ஏசி கம்ப்யூட்டர் பெரும்பாலும் வாயே திறக்காது. அந்தக் காசுக்கு ஒரு மல்டிமீட்டரும் வயர் முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வாங்குவேன். பல டொயோட்டா கார்களில் AUTO பட்டனையும் உள்காற்றுச் சுழற்சிப் பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இக்னிஷனைப் போட்டால், பேனல் தானே சோதித்து எண்ணைக் காட்டும். 00 என்றால் குறை இல்லை. 11 கேபின் சென்சார். 21 வெயில் சென்சார்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் இந்தச் சோதனையைச் செய்து 21 வந்ததால் புது வெயில் சென்சார் வாங்கப்போவதாக எழுதியிருந்தார். கேட்டால், கார் அபார்ட்மென்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் இருந்திருக்கிறது. இருட்டில் நல்ல சென்சாருக்கும் 21 வரும். வெயிலுக்குக் கொண்டுவந்து செய்ததும் 00.

இன்னொன்று: மொபைல் டார்ச்சை அடித்தும் சென்சார் அசையவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். இந்த டயோடுகள் பெரும்பாலும் இன்ஃப்ராரெட்டைத்தான் பார்க்கும். எல்இடி வெளிச்சத்தில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பைக் கிட்டே கொண்டுபோங்கள், இல்லையென்றால் மதியம் வரை பொறுங்கள். பல்பைக் குமிழின் மேல் சாய்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், டேஷ்போர்டு உருகும்.