கர்ப்பத்தில் சுகர் பார்ப்பது: சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

கருத்தரிப்பதற்கு முன்பே நீரிழிவு இருந்த பெண்கள் மீட்டருக்குப் புதியவர்கள் அல்ல. ஆனாலும் கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் சொல்லும் எண்களைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள். "சாப்பிட்ட பிறகு 170 இருந்தால் இதுவரை பரவாயில்லை என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்பார்கள். அந்த 170 இப்போது அதிகம்தான். தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது, இன்சுலின் போவதில்லை. வந்த சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையே அதிகமாக இன்சுலின் சுரக்கும். அதனால்தான் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கிறது, பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை இறங்கவும் செய்கிறது.

டைப் 1 ஆனாலும் டைப் 2 ஆனாலும், வீட்டில் எப்படிப் பார்ப்பது, வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எல்லைகளை எழுதி வையுங்கள்

அமெரிக்க நீரிழிவு சங்கம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் எல்லைகள் இவை. மீட்டரில் `mg/dL` என்று காட்டும் அளவில்:

- காலை வெறும் வயிற்றில்: 70 முதல் 95
- சாப்பிட ஆரம்பித்து 1 மணி நேரத்தில்: 110 முதல் 140
- அல்லது 2 மணி நேரத்தில்: 100 முதல் 120

மதியம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கும்போதும் பெரும்பாலும் வெறும் வயிற்று எல்லையை ஒட்டித்தான் எதிர்பார்ப்பார்கள். உங்கள் மீட்டர் `mmol/L` காட்டினால் 95 என்பது 5.3, 140 என்பது 7.8.

கீழ் எல்லை இன்சுலின் போடுகிறவர்களுக்கு மிக முக்கியம். 70-க்குக் கீழே போனால் அது லோ சுகர். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துச் சமாளிக்கும் டைப் 2 பெண்களுக்கு அந்தக் கீழ் எல்லை பொருந்தாது. அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு டாக்டர் மேல் எல்லையைச் சற்றுத் தளர்த்திக் கொடுப்பார். அவர் எழுதிக் கொடுத்த எண் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 2: முதல் வாயிலிருந்து நேரத்தை எண்ணுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. 8 மணிக்கு உட்கார்ந்து 8.25-க்கு எழுந்து, கை கழுவிய பிறகு அலாரம் வைப்பார்கள். மீட்டரைத் தொடும்போது மணி 9.25. ஏற வேண்டியது ஏறி இறங்கத் தொடங்கியிருக்கலாம், எண்ணும் நல்லதாகத் தெரியலாம். முதல் வாய் எடுத்து வைக்கும்போதே அலாரம் வையுங்கள், அப்போதுதான் சரியாக 9 மணிக்குப் பார்ப்பீர்கள்.

1 மணி நேரமா, 2 மணி நேரமா என்பதை டாக்டரிடம் கேட்டு ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். 136 என்பது 1 மணி நேரத்தில் சரியான எண், 2 மணி நேரத்தில் அதிகம். குறிப்பேட்டில் நேரம் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

விரலைக் குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் துளிச் சாறே எண்ணை மிக அதிகமாகக் காட்டிவிடும். ஈரம் மிஞ்சினால் ரத்தம் நீர்த்து, எண் குறைந்து வரும்.

படி 3: இரண்டு எண்களையும் ஜோடியாகப் படியுங்கள்

சாப்பிட்ட பின் வந்த எண்ணை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். முன் எண்ணைப் பின் எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள்.

22 வாரக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். டைப் 1. இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் வேகமாக வேலை செய்யும் இன்சுலின். மூன்று நாள் காலைக் குறிப்பு, சாப்பாட்டுக்கு முன்னும் 1 மணி நேரம் கழித்தும், இப்படி:

- 91, பிறகு 168
- 87, பிறகு 162
- 94, பிறகு 171

மதியம் 96 இருந்தது 134 ஆகிறது. இரவு 92 இருந்தது 131.

168-ஐப் பார்த்ததும் பலருக்கு இரவு இன்சுலினைக் கூட்டத் தோன்றும். அது தவறு. வெறும் வயிற்றில் 91 என்றால் இரவு இன்சுலின் சரியாகவே வேலை செய்கிறது. அதைக் கூட்டினால் விடியற்காலையில் 70-க்குக் கீழே போய்விடுவார். மதியமும் இரவும் ஏற்றம் 40-க்குள் நிற்கிறது. காலையில் மட்டும் 75, 77 என்று ஏறுகிறது. ஆக, சிக்கல் காலைச் சாப்பாட்டில் மட்டும்தான். காலையில் உடலின் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால் அதே அளவு மாவுச்சத்துக்கு அப்போது ஏற்றம் அதிகம்.

விசாரித்தால், ஊசி போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார் என்று தெரிகிறது. இன்சுலின் ரத்தத்தில் கலப்பதற்குள் சர்க்கரை ஏறிவிடுகிறது. டாக்டர் 15 நிமிடம் முன்னதாக ஊசி போடச் சொல்கிறார், காலை மாவுச்சத்தையும் கொஞ்சம் குறைக்கிறார். அடுத்த மூன்று நாட்களில் 90 இருந்தது 149, 88 இருந்தது 141, 93 இருந்தது 138. மதியச் சாப்பாட்டுக்கு முன் 84. இந்தக் கடைசி எண்ணும் தேவை. காலை இன்சுலின் கூடிப்போயிருந்தால் அது அங்கேதான் தெரியும்.

முன் எண் 70-க்குக் கீழே இருக்கும்போதும், வாந்தி வருமோ என்று இருக்கும்போதும் இந்த 15 நிமிட இடைவெளி ஆபத்து.

இப்போது வேறொரு ஜோடி: 118, பிறகு 158. ஏற்றம் 40-தான். சாப்பாட்டின் மேல் குற்றமில்லை, தொடங்கிய இடமே உயரம். தட்டில் உள்ளதைக் குறைப்பதால் இது தீராது. இரவு இன்சுலினை, அல்லது முந்தைய வேளையை டாக்டர் பார்க்க வேண்டும். ஒரே நாள் எண்ணை வைத்து மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒரே வேளையில் திரும்பத் திரும்ப வந்தால் அவரிடம் காட்டுங்கள்.

படி 4: லோ ஆனால்

70-க்குக் கீழே வந்தால் முதலில் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவென்றால் இன்னொரு 15 கிராம். முதல் மூன்று நான்கு மாதங்களில் இன்சுலின் தேவை குறைவதால் இது அடிக்கடி நேரும், நடுக்கம் வியர்வை போன்ற அறிகுறிகளும் பலருக்கு மங்கிவிடும். வண்டி ஓட்டுவதற்கு முன்னும் படுப்பதற்கு முன்னும் பாருங்கள்.

சென்சார் அணிகிறவர்களுக்கு எல்லை 63 முதல் 140. டைப் 1 பெண்களுக்கு நாளில் 70 சதவீதத்துக்கு மேல் அதற்குள் இருப்பது இலக்கு.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும்

வாந்தி நிற்கவில்லை, அல்லது சுகர் 200-க்கு மேல் நிற்கிறது என்றால், இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் கீட்டோனைப் பாருங்கள். கர்ப்பத்தில் 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் எண் சுமார்தானே என்று காத்திருக்க வேண்டாம்.

16 வாரத்துக்குப் பிறகு இன்சுலின் தேவை ஏறிக்கொண்டே போகும். கடைசி மாதங்களில் தொடக்கத்தைப் போல இரண்டு மடங்குகூட ஆகும். அது நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் செய்யும் வேலை, உங்கள் தவறு அல்ல. பயப்பட வேண்டியது இதற்கு எதிரானது: கடைசி மாதங்களில் சாப்பாடு குறையாமலே திடீரென்று லோ லோவாக வந்து, இன்சுலினைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தால், நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அன்றைக்கே போய்விடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே.